பாரிசவாதம், எம்.எஸ். உள்ளவர்களின் மலச்சிக்கல்: லயத்து வீட்டில் வயிற்றுக்கு ஒரு நேரத்தைப் பழக்குவது எப்படி

பாரிசவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த வாரத்தில் வீட்டார் கேட்பதெல்லாம் கை எப்போது தூக்கும், பேச்சு எப்போது திரும்பும் என்பதுதான். ஒரு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் கேள்வி வேறாக இருக்கும். "அஞ்சு நாளா வெளிக்குப் போகலைங்க. பேதிக்கு ஏதாச்சும் குடுக்கலாமா?"

பேதி மருந்து கொடுத்தால் அன்றைக்குப் போகும். அடுத்த வாரம் திரும்பவும் இதே கதைதான். மருந்தைவிட முதலில் தேவைப்படுவது ஒரு நேரம். தினமும் ஒரே நேரத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு, சரியாக உட்கார வைப்பதற்கான நேரம். தண்ணீர், சாப்பாடு, குளிசை எல்லாவற்றையும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அமைக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் தாதியாகப் போய்ப் பார்த்த ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்தே சொல்கிறேன். அந்த வீட்டில் பாரிசவாதம் வந்தவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. வலது பக்கம் விழுந்து நான்கு மாதம். சொன்னது விளங்கும், பேச்சு சரியாக வராது. மனைவி கொழுந்து பறிப்பவர். மகன் கொழும்பில் கடையில் வேலை.

குடல் ஏன் மந்தமாகிறது

நடமாட்டம் குறைந்தால் பெருங்குடலின் அசைவும் குறைகிறது. மலம் உள்ளே தங்கும் நேரம் நீள்கிறது. தங்கும் நேரமெல்லாம் குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் மலம் இன்னும் இறுகுகிறது. பாரிசவாதத்தில் இதோடு வயிற்றுத் தசைப் பலமும் குறைந்திருக்கும், "வருது" என்று சொல்ல வாயும் வராது. எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கெலரோசிஸ் மூளை, முள்ளந்தண்டு நரம்புகளைத் தாக்கும் நோய். அதில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டிருந்தால், மலக்குடல் நிரம்பிய செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை சிலருக்கு எதிர்மாறாக இறுகிக்கொள்ளும்.

மலைநாட்டு வாழ்க்கையும் தன் பங்குக்குச் சேர்கிறது. குளிருக்குத் தாகம் எடுப்பதில்லை. கக்கூசு லயத்துக்கு வெளியே, படி இறங்கிப் போகும் இடத்தில். இன்னொருவர் தயவில் போக வேண்டியவர் அதை நினைத்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார். காலையும் இரவும் கோதுமை மா ரொட்டி. அதில் நார் மிகக் குறைவு.

தொடங்கும் முன்: உள்ளே அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்

இந்த இடத்தில்தான் அதிகக் குடும்பங்கள் தடுமாறுகின்றன. நான் போன நாளில் அந்த அம்மா சொன்னது மலச்சிக்கலே இல்லை. "நாலு நாளா வயித்தால போகுதுங்க. கொஞ்சம் கொஞ்சமா, தண்ணியா. பெம்பர்ஸ் மாத்தி முடியல." சோறு கொடுப்பதை நிறுத்தி, பாமசியில் வாங்கிய லோபெரமைட் குளிசையையும் கொடுத்திருந்தார்.

கேட்டுப் பார்த்தபோது, அதற்கு முந்திய ஒரு வாரமாகக் கெட்டியாக எதுவுமே போகவில்லை. வயிற்றில் கை வைத்தால் இடது பக்கம் அடியில் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. மலக்குடலில் இறுகிய மலம் அடைத்திருக்க, மேலேயுள்ள தண்ணீர் மலம் அதைச் சுற்றிக் கசிந்து வருகிறது. வயிற்றோட்டம் என்று நினைத்துக் கட்டும் மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும்.

சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள் இவை: பல நாள் கெட்டியாகப் போகாமல் இருந்து திடீரெனத் தண்ணீராக, சிறிது சிறிதாக, தெரியாமலே கசிவது, சாப்பாடு வேண்டாம் என்பது, வயிறு ஊதி இருப்பது, சிறுநீர் சரியாகப் போகாதது, பேச முடியாதவர் காரணமில்லாமல் அந்தரப்படுவது. இவை இருந்தால் வீட்டில் எதையும் தொடங்காமல் முதலில் டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். விரலால் சோதித்து, தேவைப்பட்டால் எனிமா கொடுத்து அடைப்பை எடுத்துவிடுவார்கள். அடைப்பின் மேல் நாரையும் ஈசப்கோலையும் கொட்டுவது நிலைமையை மோசமாக்கும். இவருக்கும் ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்த பிறகே நாங்கள் நேரம் பழக்கத் தொடங்கினோம்.

நேரத்தைத் தெரிவு செய்தல்

வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் பலமாகச் சுருங்கத் தொடங்கும். இது பொதுவாகச் சாப்பிட்டு 15 முதல் 45 நிமிடத்துக்குள் நடக்கும். நாளின் முதல் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த அசைவு அதிகம் என்பதால், காலை உணவுக்குப் பின் உட்கார வைக்கும்படிதான் புத்தகங்கள் சொல்லும்.

தோட்டத்துக் காலை எப்படிப்பட்டது என்று புத்தகத்துக்குத் தெரியாது. பெரட்டுக்குப் போக வேண்டியவர் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, சாப்பாடு கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அவசரத்தில் கதிரையில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் வராது. அவசரப்படுத்தினால் தசை இறுகத்தான் செய்யும். ஆகவே இந்தக் குடும்பத்துக்கு மாலையைத் தெரிவு செய்தோம். அம்மா ஐந்து மணிக்கு மலையிலிருந்து வருவார், ஆறு மணிக்குச் சாப்பாடு, ஆறரைக்கு உட்கார வைப்பது. காலையைவிட அசைவு சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் தினமும் தவறாமல் செய்யக்கூடிய மாலை, வாரத்தில் இரண்டு நாள் தவறும் காலையைவிட நல்லது. காலையில் ஆள் இருக்கும் வீடென்றால் காலையையே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னோக்கிக் கணக்குப் போடுதல்

மருந்துகளுக்கு வேலை செய்ய ஆளுக்கொரு நேரம் உண்டு. சென்னா குளிசை ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும், பிசகோடில் குளிசை 6 முதல் 12 மணி நேரத்தில். காலையில் போக வேண்டியவருக்கு இவற்றை இரவில் கொடுப்பது இதனால்தான். நம்மவருக்கு மாலை ஆறரை என்பதால் வைத்தியர் எழுதிய சென்னாவைக் காலைத் தேத்தண்ணி நேரத்துக்கு மாற்றச் சொல்லி வைத்தியரிடமே கேட்டு மாற்றினோம். வீட்டில் ஆள் இல்லாத பகலில் முன்கூட்டியே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. ஆகவே முதல் தடவையை ஞாயிற்றுக்கிழமையில், ஒரே ஒரு குளிசையோடு பார்த்தோம்.

லக்டியுலோஸ் பாணி வேறு மாதிரி. அது குடலுக்குள் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை மிருதுவாக்குவது. வேலை தெரிய இரண்டு நாள் ஆகும், அதுவரை காற்றுப் பிரிந்து வயிறு உப்பலாம். "நேத்துக் குடுத்தேன், ஒன்னும் நடக்கல" என்று நிறுத்திவிடுபவர்கள் இதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். அதை ஒழுங்காகத் தினமும் கொடுக்க வேண்டும்.

மலவாயில் வைக்கும் கிளிசரின் மாத்திரை 15 முதல் 30 நிமிடத்தில் வேலை செய்யும். ஆகவே சாப்பாடு முடிந்த கையோடு வைக்கலாம். இடது பக்கமாகப் படுக்கவைத்து, கையுறை போட்டு, மாத்திரையைத் தண்ணீரில் நனைத்து, மெதுவாக விரல் நீளத்துக்கு உள்ளே தள்ளி, குடல் சுவரை ஒட்டி வையுங்கள். மலக்கட்டிக்குள் குத்திவிட்டால் பலன் குறைவு. முதல் வாரங்களில், இரண்டு நாளாகப் போகாவிட்டால் மட்டும் வைப்பது என்று பேசிக்கொண்டோம்.

விழுங்கச் சிரமப்படுபவர்கள் இருக்கும் வீட்டில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எல்லாக் குளிசையையும் இடித்து வாழைப்பழத்தில் பிசைந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. பிசகோடிலை அப்படிச் செய்யக்கூடாது, பாலோடும் கொடுக்கக்கூடாது. அதன் மேல்பூச்சு போய்விட்டால் வயிற்றைப் பிடுங்கும். இரண்டாவது, ஆமணக்கெண்ணெய், திரவ பரஃபின் போன்ற எண்ணெய்களை வாயில் ஊற்றாதீர்கள். சுவாசக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலைக் கெடுக்கும். மூன்றாவது, ஈசப்கோல். போதுமான தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு அது தொண்டையிலேயே ஊதி அடைக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு எளிது. இருதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக வைத்தியர் குறைக்கச் சொல்லாதவருக்கு நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர். காலையில் அம்மா பிளாஸ்க்கில் சுடுதண்ணி ஊற்றி, கைக்கெட்டும் இடத்தில், நல்ல கைப்பக்கமாக வைத்துவிட்டுப் போவார். மாலையில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பிளேன்டீயும் கணக்கில் சேரும். தேத்தண்ணி குடித்தால் உடம்பு காய்ந்துவிடும் என்று அதைக் கழிக்க வேண்டியதில்லை, சீனியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்கும்போது இருமுபவர், குரல் நனைந்ததுபோல் மாறுபவர் என்றால் விழுங்குவதைச் சோதிக்காமல் தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

சாப்பாட்டில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்றினோம். முதல் வாரம் ரொட்டி மாவில் பாதி குரக்கன் மா. அடுத்த வாரம் அவித்த பயறு ஒரு சிறு கோப்பை. பிறகு தோட்டத்தில் கிடைக்கும் போஞ்சி, கரட், லீக்ஸில் ஒன்று மதியத்துக்கு, பப்பாசி கிடைக்கும் நாளில் ஒரு துண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால், மந்தமான குடலில் அது தேங்கி வயிறு ஊதும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கீரையைத் திடீரெனக் கூட்டினால் மருந்தின் வேலை குறைந்து, இரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். மாறும். கீரை சாப்பிடலாம், ஆனால் கிழமைக்குக் கிழமை ஒரே அளவாக இருக்கட்டும், கிளினிக்கிலும் சொல்லிவிடுங்கள்.

உட்கார வைப்பது

குந்தி உட்காரும் கக்கூசு மலம் கழிக்க நல்ல நிலைதான். ஆனால் ஒரு பக்கம் விழுந்தவருக்கு அங்கே விழுந்து எலும்பு முறியும் ஆபத்தே பெரிது, அதுவும் மழை நாளில் அந்தப் படிகளில். அறைக்குள்ளேயே வாளி வைத்த கொமோட் கதிரைதான் இவர்களுக்குப் பொருந்தும். கடையில் வாங்க முடியாவிட்டால் தச்சரிடம் கைப்பிடியுள்ள பாரமான மரக்கதிரை செய்யச் சொல்லலாம். இருக்கையின் உயரம் முழங்காலின் பின்மடிப்பு வரை இருந்தால் போதும். பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கால் விரிந்து உடையும், வேண்டாம்.

கதிரையைக் கட்டிலின் பக்கத்தில், அவருடைய நல்ல பக்கத்தில் போடுங்கள். நம்மவருக்கு இடது பக்கம். இடது கையால் தூரத்திலுள்ள கைப்பிடியைப் பிடித்து, இடது காலில் பாரம் கொடுத்துத் திரும்பி உட்கார்வார். உதவுபவர் இடுப்பைப் பிடிக்க வேண்டும், விழுந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். தோள்மூட்டு நழுவிவிடும்.

உட்கார்ந்த பிறகு பாதத்துக்கு அடியில் 15 முதல் 20 சென்றிமீற்றர் உயரமான பலகையை வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே வந்துவிடும். முன்னால் ஒரு மேசை, அதில் தலையணை. இரண்டு முழங்கையையும் அதில் ஊன்றி முன்னால் சாய வேண்டும். விழுந்த கையையும் மேலே தூக்கி வைத்தால் உடம்பு அந்தப் பக்கம் சரியாது. இந்தச் சாய்வில் மலக்குடலின் வளைவு நேராகி வழி திறக்கும். எழுப்பும் முன் பலகையை எடுக்க மறக்காதீர்கள், தடுக்கி விழுவது அப்போதுதான்.

மூச்சைப் பிடித்து முக்கக்கூடாது, இரத்த அழுத்தம் ஏறும். ஊதாங்குழலில் அடுப்பு ஊதுவதுபோல் வாயால் மெதுவாக, நீளமாக ஊதச் சொல்லுங்கள். வயிறு முன்னால் தள்ளி, அடிவயிறு தானாக அழுத்தும். பேச்சு விளங்காதவருக்கு நீங்களே எதிரே உட்கார்ந்து ஊதிக் காட்டினால் போதும்.

பத்து நிமிடம் வைத்திருங்கள், பதினைந்துக்கு மேல் வேண்டாம். வராவிட்டால் எழுப்பிவிடுங்கள். திட்டாமல், "நாளைக்குப் பாப்போம்" என்று விட்டுவிட வேண்டும். ஒரு காம்பராவில் எல்லோரும் இருக்கும்போது திரை முக்கியம். பழைய சேலை ஒன்றைக் கட்டினார்கள், ரேடியோவைப் போட்டார்கள். மருமகள் முன்னால் உட்காரக் கூச்சப்பட்டு அடக்கிவைக்கும் மாமனார்கள் நிறையப் பேர். யார் உதவுவது என்று அவரிடமே கேளுங்கள்.

வயிற்றைத் தடவிவிடுவது பற்றியும் கேட்பார்கள். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே, குறுக்கே, இடது பக்கம் கீழே என்று பத்து நிமிடம் தடவலாம். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். எம்.எஸ். உள்ளவர்களிடம் பிரித்தானியாவில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில் முக்கியமான அளவீட்டில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை. சிலருக்கு இதமாக இருக்கிறது, கெடுதல் இல்லை. ஆனால் மரத்துப்போன வயிற்றில் சுடுதண்ணிப் பை வைக்காதீர்கள், தோல் வெந்தாலும் தெரியாது.

கொப்பியில் எழுதுவது

பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் திகதி, உட்கார்ந்த நேரம், என்ன மாதிரி மலம், கசிவு இருந்ததா, என்ன மருந்து என்று மட்டும் எழுதினால் போதும். மலத்தின் வடிவத்துக்கு வைத்தியர்கள் 1 முதல் 7 வரை எண் கொடுக்கும் பிரிஸ்டல் அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள். 1 ஆட்டுப் புழுக்கை மாதிரி, 7 வெறும் தண்ணீர். வேண்டியது 3 அல்லது 4, அதாவது மிருதுவான நீள வடிவம்.

நம்மவரின் கொப்பியில் முதல் வாரம் 1, 2 என்றே இருந்தது, பல நாள் வெறுமை. இரண்டாம் வாரம் லக்டியுலோஸால் வயிறு உப்பி, அவர் சாப்பாட்டைத் தள்ளினார். அளவை வைத்தியர் சற்றுக் குறைத்தார். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள் ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் 4 வந்தது. தினமும் போகவில்லை, போகவும் தேவையில்லை. வாரத்துக்கு மூன்று தடவை, சிரமமில்லாமல், மிருதுவாக என்றால் போதுமானது. கசிவு நின்றதால் பெம்பர்ஸ் செலவு குறைந்ததுதான் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரமாவது பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

எம்.எஸ். என்றால் எது வேறு

நேரமும் உட்காரும் முறையும் அதேதான். ஆனால் இங்கே ஒரு சுற்று இருக்கிறது. அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று தண்ணீரைக் குறைப்பார்கள். அதற்கு ஒக்ஸிபியூட்டினின், டொல்டெரோடின் போன்ற குளிசை கொடுத்திருப்பார்கள், இவை குடலையும் மந்தமாக்கும். மலம் நிரம்பிய மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். சிறுநீர் இன்னும் அவசரமாக வரும், இன்னும் தண்ணீரைக் குறைப்பார்கள். இதை உடைக்கத் தண்ணீரைப் பகலிலேயே சிறிது சிறிதாகக் குடித்து, படுக்க இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்துவது ஒரு வழி. மாற்று மருந்து உண்டா என்று வைத்தியரிடம் கேட்பது இன்னொன்று. தசை இறுக்கத்துக்கான பக்லோஃபென், வலிக்கான அமிட்ரிப்டிலின், டிரமடோல், இரும்புச்சத்துக் குளிசை ஆகியவையும் மலத்தைக் கட்டும். பாரிசவாதம் உள்ளவர்களின் மருந்துப் பையிலும் இவற்றில் சில இருக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பக்லோஃபெனைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

எம்.எஸ்.இல் களைப்பு ஒரு தனித் தொல்லை. குளித்து, உடுத்தி, கடைசியாக உட்கார வைத்தால் முக்கச் சக்தி இருக்காது. உட்காருவதை முன்னால் வைத்து, குளிப்பதைப் பின்னால் தள்ளுங்கள். காலின் இறுக்கம் திடீரென அதிகரித்தால் எத்தனை நாளாக வயிறு போகவில்லை என்று கொப்பியைப் பாருங்கள், நிரம்பிய குடல் இறுக்கத்தைக் கூட்டும். சிலருக்கு உணர்வு குறைந்து ஒரே நாளில் அடைப்பும் கசிவும் மாறி மாறி வரும். அவர்களுக்கு மலவாயில் மாத்திரை வைத்து, ஒரு நேரத்தில் மலக்குடலை வெறுமையாக்கிவிடுவது குளிசையைக் கூட்டுவதைவிட நம்பகமானது. விரலால் தூண்டும் முறையும் உண்டு, அதைத் தாதியிடம் நேரில் பழகாமல் செய்யக்கூடாது.

எப்போது காத்திருக்கக்கூடாது

மூன்று நாள் போகாமல், மலவாயில் மாத்திரைக்கும் அசையாவிட்டால் டிஸ்பென்சரிக்குச் சொல்லுங்கள். இரத்தம் போனாலும், காரணமில்லாமல் உடல் மெலிந்தாலும் கிளினிக் நாள் வரை தள்ளாதீர்கள். வயிறு ஊதி, காற்றுக்கூடப் பிரியாமல், வாந்தி எடுத்தால் குடலடைப்பாக இருக்கலாம். அப்போது வாயால் எதுவும் கொடுக்காமல் 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எம்.எஸ். உள்ளவருக்குச் சிறுநீரும் மலமும் ஒன்றாக நின்று, காலும் புதிதாகப் பலம் இழந்தால் அன்றே காட்ட வேண்டும், அது நோய் மீண்டும் தாக்குவதாகவும் இருக்கலாம். பாரிசவாதம் வந்தவருக்கு முகம் கோணல், பேச்சுக் குழறல், புதிய பலவீனம் தெரிந்தால் வயிற்றுப் பிரச்சினையை விட்டுவிட்டு உடனே புறப்படுங்கள்.

போகும்போது கொப்பியையும் எல்லாக் குளிசை அட்டைகளையும், பாமசியில் நீங்களாக வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடைசியாகக் கெட்டியாகப் போன திகதியைக் கொப்பியின் மேலே எழுதிவையுங்கள். வாட்டில் முதலில் கேட்பது அதைத்தான்.